ஐந்து இலக்கத்தில் ஒரு பயணம்



இந்த அரங்கத்தில் ரயிலில் பயணம் செய்யாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். உங்களில் பலருடைய சட்டைப் பையிலோ செல்பேசியிலோ இப்போதும் ஒரு டிக்கெட் இருக்கலாம். அதில் வண்டியின் பெயருக்கு முன்னால் ஐந்து இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். பெயரை எல்லோரும் படிக்கிறோம். அந்த எண்ணை எத்தனை பேர் படிக்கிறோம்? படித்தாலும், நடைமேடையில் சரியான வண்டியைக் கண்டுபிடிக்க மட்டும்தானே படிக்கிறோம்? அந்த எண் நம்மிடம் என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் எண், கட்டணத்தைப் பற்றி நிறையச் சொல்லும். வேகத்தைப் பற்றிப் பாதிதான் சொல்லும். எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதைச் சொல்லவே சொல்லாது. நாமோ தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'சூப்பர்ஃபாஸ்ட்' என்றால் வேகம், 'எக்ஸ்பிரஸ்' என்றால் கொஞ்சம் குறைந்த வேகம், 'பாசஞ்சர்' என்றால் மெதுவான வண்டி என்று மூன்றையும் வேகத்தின் பெயர்களாகவே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை முதலில் கட்டண வகைகள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 12635. தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வைகை எக்ஸ்பிரஸ். சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும்போது 12635, மதுரையிலிருந்து திரும்பி வரும்போது 12636. தெற்கு ரயில்வேயில் சென்னையை விட்டுக் கிளம்பும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண், சென்னைக்கு வரும் வண்டிகளுக்கு அதற்கு அடுத்த இரட்டைப்படை எண். டில்லிக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 12621, திரும்பி வந்தால் 12622. ஆகவே கடைசி இலக்கம் திசையைக் காட்டுகிறது.

இனி முன்பக்கம் வருவோம். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன்பு இந்த எண்கள் நான்கு இலக்கத்தில் இருந்தன. அன்று வைகையின் எண் 2635. குருவாயூர் எக்ஸ்பிரஸின் எண் 6127. அந்த நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் 2 என்றால் சூப்பர்ஃபாஸ்ட் என்பது ஏற்பாடு. 6 என்றால் தெற்கு ரயில்வேயின் சாதாரண எக்ஸ்பிரஸ். வண்டிகள் பெருகின, எண்கள் போதவில்லை. அதனால் அந்த டிசம்பரில் தொலைதூர வண்டிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 1 சேர்த்தார்கள். 2635 என்பது 12635 ஆயிற்று. 6127 என்பது 16127 ஆயிற்று. இன்றைக்கும் 12 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட், 16 என்று தொடங்கினால் தெற்குப் பகுதியின் எக்ஸ்பிரஸ் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிறகு 12 வரிசையிலும் இடம் நிறைந்தது. 22 என்று ஒரு வரிசை வந்தது, 20 என்று இன்னொன்று வந்தது. ராமேசுவரம் போகும் சேது எக்ஸ்பிரஸ் 22661. சென்னை – கோவை வந்தே பாரத் 20643. இவையெல்லாம் சூப்பர்ஃபாஸ்ட் வரிசைகளே.

சூப்பர்ஃபாஸ்ட் எண்களில் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 12635இல் அது 6. எந்த ரயில்வேயின் வண்டி என்பதை அது பெரும்பாலும் காட்டும். 6 தெற்கு, 7 தென்மத்தி, 3 கிழக்கு, 9 மேற்கு. மும்பை ராஜதானியின் எண் 12951, ஹவுரா ராஜதானியின் எண் 12301. இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சாதாரண எக்ஸ்பிரஸ்களில் இதே குறிப்பு இரண்டாவது இலக்கத்திலேயே வந்துவிடுகிறது.

முதல் இலக்கம் 1, 2 அல்லாமல் வேறாக இருந்தால்? 5 என்றால் எஞ்சின் இழுக்கும் பாசஞ்சர். 6 என்றால் மெமு, மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டி. 7 என்றால் டெமு, டீசலில் ஓடுவது. 3, 4, 9 மூன்றும் பெருநகரப் புறநகர் வண்டிகளுக்கு. சென்னைக் கடற்கரை – தாம்பரம் வண்டி 4இல் தொடங்குவது அதனால்தான். முதலில் 0 வந்தால் சிறப்பு ரயில். அந்த 0 பற்றிப் பிறகு சொல்கிறேன். அது சில ஆண்டுகள் நம் ஏழை எளிய மக்களின் பையிலேயே கைவைத்துவிட்டது.

நண்பர்களே, எண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டோம். இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் எவ்வளவு வேகம்?

நூறா? நூற்றிப் பத்தா? இல்லை. அகலப் பாதையில் மணிக்கு 55 கிலோமீட்டர் சராசரி. அவ்வளவுதான். கிளம்பும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை உள்ள தூரத்தை, நிற்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தப் பயண நேரத்தால் வகுக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அது 55க்குக் குறையாமல் இருந்தால் அந்த வண்டிக்கு சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்பது ரயில்வேயின் விதி. மீட்டர் பாதைக்கு அந்த அளவு 45 ஆக இருந்தது.

இந்த 55 எவ்வளவு விரிந்த வலை என்பதை ஒரே தடத்தில் பார்த்துவிடலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 495 கிலோமீட்டர். 495ஐ 55ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 9 வரும். அதாவது சென்னையிலிருந்து கிளம்பி ஒன்பது மணி நேரத்துக்குள் கோவையைத் தொட்டுவிட்டால் அந்த வண்டி சூப்பர்ஃபாஸ்ட்.

இந்தத் தடத்தில் வந்தே பாரத் ஓடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. கோவை போய்ச் சேர அதற்கு 5 மணி 50 நிமிடம். சராசரி ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இதே தடத்தில் காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸுக்கு ஏறத்தாழ 7 மணி 40 நிமிடம். சராசரி 65ஐ ஒட்டி வரும். இரவில் ஓடும் சேரன் எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நிதானமாகப் போகும். இரவு வண்டி அதிகாலை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து யாருக்கு என்ன பயன்? விடிந்த பிறகு இறங்குவதைத்தானே பயணிகள் விரும்புவார்கள்? ஆகவே அது வேகமாகப் போக முடிந்தாலும் போக வேண்டிய தேவையில்லை.

இந்த மூன்றும் சூப்பர்ஃபாஸ்ட். மூன்றுக்கும் எண் 12 அல்லது 20 என்ற ஒரே குடும்பம். முதல் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம். அந்த வித்தியாசத்தை எண் சொல்லிற்றா? சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோவை எக்ஸ்பிரஸில் ஏசி சேர் காரில் போனால் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 45 ரூபாய். வந்தே பாரத்தில் சேர் காரில் போனாலும் அதே 45 ரூபாய். வந்தே பாரத்தில் நாம் அதிகமாகக் கொடுக்கும் பணம், அதற்கென்று தனியாக வகுத்த அடிப்படைக் கட்டணத்தில் இருக்கிறது. சூப்பர்ஃபாஸ்ட் என்ற பெயரில் வாங்கும் பணத்துக்கும் வேகத்தின் அளவுக்கும் தொடர்பு இல்லை. 55ஐத் தாண்டினாலும் 45 ரூபாய், 85ஐத் தொட்டாலும் 45 ரூபாய். இரண்டாம் வகுப்புக்கு 15, படுக்கை வகுப்புக்கு 30, ஏசி முதல் வகுப்புக்கு 75. தூரம் நூறு கிலோமீட்டரானாலும் இரண்டாயிரம் கிலோமீட்டரானாலும் இதே தொகைதான். ஆகவே குறைந்த தூரம் போகிறவர் தலையில்தான் இது கனமாக விழுகிறது.

இந்த 55 முழுப் பயணத்தின் சராசரி என்று சொன்னேன். அதன் பொருளை நாம் சரியாக உணர வேண்டும். தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி இருக்கிறது. எண் 13351. ஜார்க்கண்டில் கிளம்பி, ஒடிசாவின் மலைப் பாதைகளைக் கடந்து, ஆந்திரக் கடற்கரையோடு இறங்கி, பெரம்பூர், காட்பாடி, சேலம், கோவை வழியாகக் கேரளம் போகிறது. அது சூப்பர்ஃபாஸ்ட் இல்லை. ஏன் இல்லை? எங்கோ ராஞ்சிக்கும் ராயகடாவுக்கும் நடுவே மெதுவாகப் போன நேரமும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கிறது. காட்பாடியில் ஏறிச் சேலத்தில் இறங்குகிறவருக்கு ஒடிசாவின் மலையால் என்ன வந்தது? அவர் போகும் தண்டவாளமும் சூப்பர்ஃபாஸ்ட் வண்டி போகும் அதே தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தில் எவ்வளவு வேகம் அனுமதி என்பதுதான் எல்லை. வண்டியின் வகையைப் பார்த்துத் தண்டவாளம் வழி விடுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். தெற்கிலிருந்து எழும்பூருக்கு வரும் இரவு வண்டிகளில் வந்தவர்களுக்கு இது தெரியும். தாம்பரம் வந்துவிட்டது என்று மூட்டை முடிச்சை எடுத்து வைப்பார்கள். எழும்பூர் 25 கிலோமீட்டர்தான். ஆனால் பல வண்டிகளுக்குக் கால அட்டவணையிலேயே முக்கால் மணி நேரம் கொடுத்திருக்கும். அதே வண்டி எழும்பூரிலிருந்து கிளம்பித் தாம்பரம் போகும்போது அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அதே வண்டி, அதே பாதை, அதே எஞ்சின். ஒரு பக்கம் அரை மணி, மறுபக்கம் முக்கால் மணி. ஏன்?

வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்காகச் சேரும் ஊருக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரத்தை அட்டவணையில் வைத்திருப்பார்கள். வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதை முக்கியமாகச் சேரும் நிலையத்தில்தானே பார்க்கிறார்கள்? இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தண்டவாளப் பராமரிப்பு நடக்கும், சிக்னல் கிடைக்காது, முன்னால் போகும் வண்டி தாமதமாகும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒரு வண்டியின் தாமதம் பத்து வண்டிகளுக்குத் தொற்றும். ஆனால் பயணி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டவணையில் கடைசி இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள நேரத்தை வைத்து அந்த வண்டியின் வேகத்தை எடை போடாதீர்கள். நடுவழியில் இரண்டு பெரிய ஊர்களை எடுத்து, தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உண்மை வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அட்டவணையில் 55 வந்துவிட்டது. ஆனால் ஓடும்போது 55 வருகிறதா? இந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரே கேட்டார். 2017இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, வடமத்திய ரயில்வேயிலும் தென்மத்திய ரயில்வேயிலும் சில சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகள் பல நாள்களில் அந்த 55ஐ எட்டவே இல்லை என்று காட்டியது. அப்படி எட்டாத நாள்களில் பயணிகளிடம் வாங்கிய கூடுதல் கட்டணம் 11 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் கணக்குச் சொன்னது. வண்டி தாமதமானால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர விதியும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் வந்த புதிய அட்டவணையில் 48 மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் சூப்பர்ஃபாஸ்ட் ஆக்கப்பட்டன. சராசரியை 50இலிருந்து 55க்கு உயர்த்தினார்கள், கூடுதல் கட்டணமும் வந்து சேர்ந்தது. அட்டவணையில் உள்ள வேகத்துக்குக் காசு வாங்குகிறோம், ஓடிய வேகத்துக்கு இல்லை என்பதை ரயில்வே வெளிப்படையாகச் சொன்னால், பயணியும் தெரிந்தே கொடுப்பார். எனக்கு வருத்தம் கட்டணத்தின் மேல் இல்லை, அந்த மௌனத்தின் மேல்தான்.

அன்பர்களே, இனி நிறுத்தங்களுக்கு வருவோம்.

ஒரு நிறுத்தம் என்றால் அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும். உண்மையில் அந்த நிறுத்தத்தால் போகும் நேரம் இரண்டு நிமிடமா? இல்லவே இல்லை. இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, வெகு தூரத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். நின்று கிளம்பிய பிறகு பழைய வேகத்துக்கு வர இன்னும் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் ஒரு நிறுத்தத்துக்கு ஐந்து, ஆறு நிமிடம் போய்விடும். பத்து நிறுத்தம் கூடினால் ஒரு மணி நேரம்.

இப்போது அந்த ஒன்பது மணி நேரக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோவை வண்டி எட்டு மணி நேரத்தில் போகிறது என்றால், சூப்பர்ஃபாஸ்ட் என்ற தகுதியை இழக்காமலே இன்னும் ஒரு மணி நேரம் அதன் கையில் இருக்கிறது. பத்து ஊரில் கூடுதலாக நிற்கலாம், அப்போதும் அது சூப்பர்ஃபாஸ்ட்தான். நிறையத் தடவை நிற்கும் சூப்பர்ஃபாஸ்ட்டும் உண்டு, குறைவாக நிற்கும் எக்ஸ்பிரஸும் உண்டு என்பதன் ரகசியம் இதுதான். 'என்னய்யா இது, சூப்பர்ஃபாஸ்ட் என்கிறான், ஊர் ஊராக நிற்கிறான்' என்று பெட்டியில் கோபப்படுகிறோமே, அந்த வண்டி விதியை மீறவில்லை. விதியே அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது.

பாதையும் எண்ணில் இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து ராமேசுவரத்துக்கு இரண்டு பழகிய வண்டிகள் உண்டு. ஒன்று சேது எக்ஸ்பிரஸ், 22661. இன்னொன்று முதியவர்கள் இன்றும் போட் மெயில் என்று அழைக்கும் வண்டி, 16851. ஒன்று சூப்பர்ஃபாஸ்ட், ஒன்று எக்ஸ்பிரஸ். வித்தியாசம் வேகத்தில் மட்டும்தானா? சேது விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராகத் திருச்சிக்குப் போகிறது. போட் மெயில் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிப் படுகை முழுவதையும் தொட்டுக்கொண்டு திருச்சிக்கு வருகிறது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. கும்பகோணத்துக்காரருக்கு சூப்பர்ஃபாஸ்ட் என்ன அதிவேகமாகப் போனாலும் என்ன பயன்? அது அவர் ஊர்ப் பக்கமே வராது. அவருக்கு 16இல் தொடங்கும் வண்டிதான் வண்டி.

பெரியோர்களே, இதுவரை வேகத்தையும் நிறுத்தத்தையும் பார்த்தோம். இனி கட்டணம். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. முன்பதிவு செய்து போகிறவர்களுக்கு ஐம்பது, நூறு வித்தியாசம் பெரிதில்லை. நான் பேசுவது முன்பதிவில்லாப் பெட்டியில், தினமும் பக்கத்து ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களைப் பற்றி.

மதுரையிலிருந்து விருதுநகருக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 43 கிலோமீட்டர். கவுன்டரில் போய் நிற்கிறீர்கள். அங்கே மூன்று விதமான டிக்கெட் இருக்கிறது. சாதாரணக் கட்டணம், மெயில் எக்ஸ்பிரஸ் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம். இந்தத் தூரத்துக்குச் சாதாரணக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸுக்கு 30 ரூபாய். சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு அந்த 30 ரூபாயின் மேல் 15 சேர்ந்து 45 ரூபாய்.

பத்து, முப்பது, நாற்பத்தைந்து! ஒரே தூரம், ஒரே மாதிரி இருக்கை, பெரும்பாலும் நின்றுகொண்டே போகும் பயணம். எக்ஸ்பிரஸில் ஏன் முப்பது? எக்ஸ்பிரஸ் இரண்டாம் வகுப்பில் நீங்கள் பத்துக் கிலோமீட்டர் போனாலும் குறைந்தபட்சம் 50 கிலோமீட்டருக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது விதி. சாதாரண வண்டியில் அந்தக் குறைந்தபட்சத் தூரம் 10 கிலோமீட்டர்தான். தூரம் கூடக் கூட இந்த இடைவெளி விகிதத்தில் சுருங்கிவிடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிறவருக்கு சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் என்பது டீச் செலவு. மதுரையிலிருந்து விருதுநகர் போகிறவருக்கு அது டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இதைக் கவனிக்காமல் ஏறினால் என்ன ஆகும்? பத்து ரூபாய் டிக்கெட்டை வாங்கிவிட்டு, பாசஞ்சர் தாமதம் என்றவுடன் முன்னால் வந்து நிற்கும் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறோம். டிக்கெட் பரிசோதகர் வந்தால் வித்தியாசத் தொகையோடு அபராதமும் கட்ட வேண்டும். குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய். 'டிக்கெட் எடுத்திருக்கிறேனே' என்று சொல்லிப் பயனில்லை. டிக்கெட்டில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். செல்பேசிச் செயலியில் எடுக்கிறவர்களும் கவனமாக இருங்கள். அது வண்டியின் வகையைக் கேட்கும். அங்கே நீங்கள் எதைத் தொடுகிறீர்களோ, அதுதான் உங்கள் டிக்கெட். இந்த இடத்தில்தான் எண் நமக்கு உயிர்த்துணை. வண்டியின் எண் 5, 6, 7இல் தொடங்கினால் சாதாரணம். 16, 17 என்று தொடங்கினால் எக்ஸ்பிரஸ். 12, 20, 22 என்றால் சூப்பர்ஃபாஸ்ட். வண்டிக்குள் ஏறும் முன் அந்த முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் எண்ணே மாறிவிட்டால்? அதுவும் நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா வண்டிகளும் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர்கள் பழைய எண்ணோடு வரவில்லை. முன்னால் 0 போட்டுக்கொண்டு, எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில் என்ற பெயரில் வந்தன. நின்ற ஊர்களிலெல்லாம் நின்றன. முன்பு ஓடிய நேரத்தில்தான் ஓடின. ஆனால் கட்டணம் எக்ஸ்பிரஸ் கட்டணம். பத்து ரூபாய் முப்பது ரூபாய் ஆயிற்று. வேகம் கூடியதா? இல்லை. நிறுத்தம் குறைந்ததா? இல்லை. எண்ணும் பெயரும் மட்டும் மாறின, கட்டணம் மூன்று மடங்கு ஆயிற்று. பூ விற்கும் பெண்ணும் கட்டட வேலைக்குப் போகிறவரும் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய சாதாரணக் கட்டணம் திரும்பியது. 2025 ஜனவரியில் வந்த அட்டவணையில்தான் தெற்கு ரயில்வேயின் பாசஞ்சர் வண்டிகள் முன்னால் இருந்த 0ஐ விட்டுவிட்டு 5, 6, 7 என்ற பழைய வழக்கத்துக்கு வந்தன.

ஆனால் எல்லா பாசஞ்சரும் திரும்பவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பாசஞ்சர்கள் பலவற்றை ரயில்வே நிரந்தரமாகவே எக்ஸ்பிரஸ் ஆக்கியது. நாகர்கோவில் – கோவை பாசஞ்சரை நினைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் ஓடும். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடு என்று தமிழ்நாட்டின் குறுக்கே போகும். வழியில் சிறு சிறு நிலையங்களிலும் நிற்கும். அதன் எண் 5இல் தொடங்கியது. இன்று அது 16இல் தொடங்கும் எக்ஸ்பிரஸ். அந்த ஒரு எண் மாற்றத்தில் மூன்று செய்தி இருக்கிறது. கட்டணம் சாதாரணத்திலிருந்து எக்ஸ்பிரஸுக்கு உயர்ந்தது. சில சிறு நிலையங்கள் நிறுத்தப் பட்டியலிலிருந்து விழுந்தன. நீண்ட தூரம் போகிறவருக்குச் சற்று நேரம் மிச்சமானது. நீண்ட தூரப் பயணிக்கு லாபம், பக்கத்து ஊர்ப் பயணிக்கு நட்டம். இதில் எது சரி என்று முடிவு செய்ய ரயில்வேக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சிறு நிலையத்து மக்களுக்கு மாற்று வண்டி என்ன என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் மாற்றுவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

0 என்ற இலக்கம் இன்றும் இருக்கிறது. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைக்கு விடும் சிறப்பு ரயில்கள் எல்லாம் 0இல் தொடங்கும். 06 என்றால் பெரும்பாலும் தெற்கு ரயில்வே விடுவது. இவற்றில் சிலவற்றுக்கு வழக்கமான கட்டணம், சிலவற்றுக்குச் சிறப்புக் கட்டணம். சிறப்புக் கட்டணம் என்று அறிவித்தால் இரண்டாம் வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தின் மேல் 10 சதவீதமும் மற்ற வகுப்புகளில் 30 சதவீதமும் கூடும், அதற்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு. எண்ணைப் பார்த்து எது என்று தெரியாது. அறிவிப்பைப் படிக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரையும் ஒன்றை மனத்தில் வையுங்கள். வழக்கமான வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் இடைவெளி பார்த்துச் செருகப்பட்ட வண்டி அது. வழியில் ஒதுங்கி நின்று மற்றவற்றுக்கு வழி விடும்.

ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளைப் பற்றி ஒரு வரி. அவற்றின் எண்ணும் 12, 20, 22 என்றே தொடங்கும். ஆனால் கட்டணம் தனி. 2016 செப்டம்பரிலிருந்து அவற்றில், இடங்கள் நிரம்ப நிரம்பப் பத்துப் பத்து சதவீதமாகக் கட்டணம் ஏறும் முறை இருக்கிறது. ஆகவே 12 என்பதைப் பார்த்தவுடன் வைகையின் கட்டணம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணோடு பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாசஞ்சர் என்றால் மட்டம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் தள்ள, உதகைக்குப் போகும் மலை ரயிலின் எண் 56136. அதுவும் 5இல் தொடங்கும் பாசஞ்சர்தான். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். உலகம் முழுவதிலிருந்தும் வந்து அதில் இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள்.

மீண்டும் அந்த மதுரை – விருதுநகர் பாதைக்கே வருகிறேன், ஏனென்றால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நடுவே திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி என்று நிலையங்கள் இருக்கின்றன. சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு மதுரையை விட்டால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் விருதுநகர். செங்கோட்டைப் பாசஞ்சர் இவற்றில் நின்று நின்று போகும். ஒரு நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் மூன்று நிறுத்தத்துக்குக் கால் மணி நேரம். ஆக, விருதுநகர் போகிறவர் அந்தக் கால் மணி நேரத்துக்காக 10 ரூபாய்க்குப் பதில் 45 ரூபாய் கொடுக்கிறார். மாதம் இருபத்தைந்து நாள், போகவர என்று கணக்குப் போட்டால் 500 ரூபாய்க்கும் 2,250 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். சீசன் டிக்கெட் எடுத்தால் இது வெகுவாகக் குறையும், தினமும் போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவரிடம் ஒரு மாதப் பணம் மொத்தமாகக் கையில் இருக்குமா?

கள்ளிக்குடிக்காரருக்கு இந்தத் தேர்வே கிடையாது. அவர் ஊரில் 12 நிற்காது, 22 நிற்காது. அவருக்கு 5இல் தொடங்கும் வண்டி ஓட வேண்டும், நேரத்துக்கு ஓட வேண்டும், லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தப்படாமல் ஓட வேண்டும். அடுத்த முறை புதிய கால அட்டவணை வரும்போது எத்தனை வண்டிகள் சூப்பர்ஃபாஸ்ட் ஆயின என்று செய்தி வரும். அதோடு 5, 6, 7 வரிசையில் எத்தனை வண்டிகள் கூடின, எத்தனை குறைந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள், உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.